பணம் போச்சா இல்லையா, அதை முதல்ல சொல்லு

ஆபீஸ்ல எனக்கு வந்த வேலை டிக்கெட்ல இருந்தது ஒரே வரி. "பேமென்ட் ஸ்க்ரீன்ல வர்ற எரர் மெசேஜ் எல்லாம் ரொம்ப வறட்டுத்தனமா இருக்கு, கொஞ்சம் மரியாதையா மாத்திக் குடுங்க." நான் ஒரு யூபிஐ ஆப்ல எழுத்து வேலை பாக்கறேன், அதாவது பட்டன்ல என்ன வார்த்தை, நோட்டிஃபிகேஷன்ல என்ன வரின்னு பாத்துப் பாத்து எழுதற வேலை. இதைப் படிச்சதும் எல்லாரும் நினைச்சது அரை நாள் வேலைன்னு. "பிழை" இருக்கற இடத்துல எல்லாம் "மன்னிக்கவும்" போட்டு, கடைசில "தயவுசெய்து" சேத்தா முடிஞ்சுதுன்னு டிசைன் டீம்ல ஒருத்தர் சொல்லவே சொல்லிட்டார். எனக்கு அதுல உடன்பாடே இல்ல, ஆனா ஏன் இல்லன்னு அன்னிக்கு என்னால தெளிவா சொல்ல முடியல. அந்த அரிப்புதான் இவ்வளவு தூரம் எழுத வைக்குது.

அப்போ எங்க ஆப்ல இருந்த மெசேஜ் இதுதான். "ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயற்சிக்கவும்." கீழ ஒரு பட்டன், "மீண்டும் முயற்சி". பின் தப்பா போட்டாலும் இது, அக்கவுண்ட்ல காசு இல்லேன்னாலும் இது, பேங்க் சர்வர் படுத்துட்டாலும் இதேதான். இதுக்கு முன்னாடி ஒரு "மன்னிக்கவும்" சேத்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. மெடிக்கல் ஷாப்ல பின்னாடி நாலு பேர் நிக்கறப்போ 1,840 ரூபா அனுப்பிட்டு இந்த ஸ்க்ரீனைப் பாத்து முழிக்கறவருக்கு மன்னிப்பை வெச்சு என்ன பண்றது.

அதனால எழுத உக்கார்றதுக்கு முன்னாடி சப்போர்ட் டீம் உக்கார்ற மாடிக்குப் போனேன். அங்க இருக்கற அக்கா ஹெட்போனை என் காதுல மாட்டி விட்டாங்க, ரெக்கார்ட் ஆன கால்ஸ் ஒவ்வொண்ணா ஓட விட்டாங்க. ஆளுக்கு ஒரு ஊர்ப் பேச்சு, ஆளுக்கு ஒரு கோவம், ஆனா வந்த முதல் கேள்வி அநேகமா எல்லாருக்கும் ஒண்ணுதான். "என் காசு போச்சா இல்லையா சொல்லுங்க." ஏன் ஃபெயில் ஆச்சுன்னு யாரும் கேக்கல. சர்வரா நெட்வொர்க்கா, அதெல்லாம் அவங்களுக்கு ரெண்டாம் பட்சம். அக்கா ஹெட்போனைக் கழட்டி வாங்கிக்கிட்டே சொன்னாங்க, "நீங்க அந்த ஸ்க்ரீன்ல இதை ஒண்ணை மட்டும் சொல்லிட்டீங்கன்னா எனக்கு பாதி கால் வராதும்மா."

சரி, சொல்லிடலாம்னு கீழ வந்தா, சொல்றதுக்கு ஆப் கையில விஷயமே இல்ல.

உறைக்குள்ள இருந்த காரணம்

பேக்எண்ட்ல, அதாவது சர்வர் பக்கத்து வேலையில இருக்கற அண்ணாகிட்ட போய், "ஒவ்வொரு ஃபெயிலுக்கும் காரணம் தனித்தனியா வருமாண்ணா"ன்னு கேட்டேன். அவர் லாகைத் திறந்து காட்டினார். பாதிக்கு மேல U30, U30, U30. யூபிஐயை நடத்தற என்பிசிஐ ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கோட் குடுக்கும், அதுல U30ன்னா டெபிட் நடக்கலன்னு அர்த்தம். அனுப்பறவரோட அக்கவுண்ட்ல இருந்து பணம் எடுக்க முடியல, அவ்வளவுதான் அது சொல்லும். ஏன் எடுக்க முடியலன்னு சொல்லாது. "இதை வெச்சு நீ என்னம்மா எழுதுவ, அதான் எல்லாத்துக்கும் ஒரே வரி போட்டோம்"னார் அண்ணா. நியாயம்தான். ஆனா அந்த பதிலை முழுசா பாக்கணும்னு கேட்டேன், அவரும் ஒண்ணை விரிச்சுக் காட்டினார். தேவையில்லாததை எல்லாம் எடுத்துட்டா அது இப்படி இருந்துச்சு:

```xml
<Resp result="FAILURE" errCode="U30">
  <Ref type="PAYER" respCode="Z9"/>
</Resp>
```

வெளிய இருக்கற U30 என்பிசிஐ போட்ட முத்திரை. உள்ள இருக்கற Z9, அனுப்பறவரோட பேங்க் சொன்ன காரணம், அக்கவுண்ட்ல போதுமான பணம் இல்ல. இன்னொண்ணை விரிச்சா உள்ள ZM, யூபிஐ பின் தப்பு. இன்னொண்ணுல Z6, பின்னைத் தப்பா போடற வாய்ப்பு தீந்து போச்சு. எங்க ப்ரோக்ராம் வெளி முத்திரையை மட்டும் படிச்சுட்டு உள்ள இருக்கறதைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்துச்சு, ஆப்புக்கு வந்து சேர்ற வரைக்கும் காரணம் பத்திரமா வருது, கடைசி அடில தொலையுது.

எனக்கு இந்த வேலையோட போக்கே மாறினது அந்த இடத்துலதான். அதுவரைக்கும் நல்ல வாக்கியம் தேடிக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து அந்த எரர் கோடுகளை வகை பிரிச்சோம், பேங்க் என்ன காரணம் சொல்லுதுங்கறது அடுத்த விஷயம், பணம் எங்க இருக்குங்கறதை வெச்சுதான் முதல்ல பிரிக்கணும்னு முடிவு பண்ணினோம். பணம் அக்கவுண்ட்டை விட்டு நகரவே இல்லங்கறது ஒரு பக்கம். பணம் போய் திரும்பி வருதுங்கறது இன்னொரு பக்கம். எங்களுக்கே இன்னும் தெரியாதுங்கறது மூணாவது. உள்ள என்ன கோட் வந்தாலும் ஸ்க்ரீனோட முதல் வரி இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கணும், காரணம் ரெண்டாவது வரி, என்ன பண்ணணும்ங்கறது பட்டன்.

நகராத பணம்

முதல் வகை சுலபம்னு நினைப்போம். ZMஐ எடுத்துக்கலாம். "தவறான பின்"னு ரெண்டு வார்த்தைல முடிச்சுடலாம்தான், ஆனா அக்காவோட கால்ஸ்ல நான் கேட்டது என்னன்னா, நிறைய பேர் சரியான நம்பரைத்தான் போடறாங்க, ஆனா அது ஏடிஎம் பின், இல்லேன்னா போன் லாக் நம்பர். அவங்களுக்கு "தவறான பின்"னு சொன்னா அதே நம்பரை இன்னும் அழுத்தி, இன்னும் கவனமா திரும்பப் போடுவாங்க. மூணாவது தடவை பேங்க் கதவைச் சாத்திடும். அதனால இப்படி எழுதினோம்: "₹1,840 உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. யூபிஐ பின் பொருந்தவில்லை. இது ஏடிஎம் பின்னோ போன் லாக் எண்ணோ இல்லை, யூபிஐக்காக நீங்கள் தனியாக வைத்த 4 அல்லது 6 இலக்க எண்." கீழ ரெண்டு பட்டன், "மறுபடி பின் போடுக", "பின் மறந்துவிட்டது". ரெண்டாவதை அழுத்தினா புது பின் வைக்கற பக்கம், டெபிட் கார்டோட கடைசி 6 இலக்கமும் அது காலாவதியாகற மாசமும் வேணும்னு அங்க போறதுக்கு முன்னாடியே சொல்லிடுவோம், ஏன்னா கடை வாசல்ல நிக்கறவர் கையில கார்டு இல்லாம அந்தப் பக்கத்துக்குப் போய் எந்த பிரயோஜனமும் இல்ல.

"இன்னும் 2 வாய்ப்பு இருக்கு"ன்னு சேக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. முடியாது. பின் போடற அந்தப் பெட்டியே ஆப்போடது கிடையாது, என்பிசிஐ குடுத்த லைப்ரரி திறக்கற ஸ்க்ரீன், நீங்க என்ன போட்டீங்கன்னு ஆப்புக்குத் தெரியவே தெரியாது, தெரியவும் கூடாது. மிச்ச வாய்ப்பை பேங்க் தன்கிட்டயே எண்ணி வெச்சிருக்கு, நமக்கு வர்ற பதில்ல அந்தக் கணக்கு இல்ல. தெரியாத எண்ணை ஸ்க்ரீன்ல போட்டு அது தப்பாப் போனா, அடுத்து நாம சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. "தொடர்ந்து தவறாகப் போட்டால் பேங்க் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும்"னு மட்டும் சொன்னோம், அது உண்மை.

Z9 வேற மாதிரி தலைவலி. காரணம் தெளிவு, பணம் பத்தல. ஆனா அந்த மெசேஜை யார் யார் பாக்கறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. கடையில போனை நீட்டிக் காட்டற பழக்கம் நமக்கு உண்டு, கடைக்காரர் எட்டிப் பாப்பார், பின்னாடி நிக்கறவர் கண்ணும் அங்கதான் இருக்கும். அந்த நேரத்துல சிவப்புக் கலர்ல, கொட்டை எழுத்துல "உங்கள் கணக்கில் போதிய பணம் இல்லை", கூடவே ஒரு அதிர்வு வேற. இதுக்கு முன்னாடி "மன்னிக்கவும்" போட்டா மரியாதை வந்துடுமா. நாங்க பண்ணினது, பெரிய எழுத்துல "இந்தக் கணக்கிலிருந்து பணம் செலுத்த முடியவில்லை"ன்னு மட்டும் வெச்சோம், காரணத்தை அதுக்குக் கீழ சாதாரண சைஸ்ல, சிவப்பு இல்லாம. முதல் பட்டன் "வேறு கணக்கிலிருந்து செலுத்துக", அது ஆப்ல ரெண்டாவது அக்கவுண்ட் இணைச்சிருந்தா மட்டும் தெரியும். தொகையைக் குறைச்சுக்கற வழியும் குடுத்தோம், நண்பருக்கோ வீட்டுக்கோ அனுப்பறப்போ மட்டும், கடையில பில் தொகையைக் குறைக்கச் சொல்றது அபத்தம். பணிவான வாக்கியம் எழுதறதை விட எழுத்து சைஸைக் குறைச்சதுலதான் மரியாதை அதிகம் இருந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கும் தோணுது.

தெரியாதுன்னு சொல்றது எப்படி

என்னை ராத்திரி தூங்க விடாதது மூணாவது வகை. யூபிஐல ஒரு பேமென்ட் நடக்கறப்போ உங்க பேங்க் டெபிட் பண்ணணும், வாங்கறவரோட பேங்க் கிரெடிட் பண்ணணும், நடுவுல என்பிசிஐ. டெபிட் ஆயாச்சு, கிரெடிட் பண்ணச் சொல்லி அந்தப் பக்க பேங்க்குக்குப் போன கேள்விக்கு பதில் வரலன்னு வைங்க, U68, கிரெடிட் டைம்அவுட். அந்த பேங்க் கிரெடிட் பண்ணிட்டு பதில் சொல்ல மறந்துச்சா, இல்ல பண்ணவே இல்லையா, அந்த நிமிஷத்துல யாருக்கும் தெரியாது. U67ன்னு இன்னொண்ணு, டெபிட் பக்கமே பதில் இல்ல.

இதுக்கும் நாங்க போட்டிருந்த மெசேஜ் அதே "மீண்டும் முயற்சிக்கவும்"தான்! ஒரு ஆளோட கதையை முழுசா சொல்றேன். மெடிக்கல் ஷாப்ல 1,840 ரூபா. பின் போட்டார், ஸ்க்ரீன் சுத்துது, சுத்துது, "ஏதோ தவறு நடந்துவிட்டது". பட்டனே திரும்ப முயற்சி பண்ணுன்னு சொல்லுது, சொன்னதைச் செஞ்சார். ரெண்டாவது தடவை அழுத்தறப்போ பழைய பேமென்ட்டைத் தொடர்றது கிடையாது, புது டிரான்ஸாக்‌ஷன் ஐடியோட புத்தம் புதுசா இன்னொரு பேமென்ட். அது உடனே போயிடுச்சு, கடைக்காரரோட ஸ்பீக்கர் பெட்டியும் கத்திடுச்சு, மருந்தை வாங்கிட்டுக் கிளம்பிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு முதல் பேமென்ட்டும் வெற்றின்னு முடிஞ்சு போச்சு. 3,680 ரூபா. ரெண்டுமே சட்டப்படி வெற்றிகரமான பேமென்ட், அதனால தானா ரிவர்ஸ் ஆகாது, பேங்க்கும் ஒண்ணும் பண்ண முடியாது, கடைக்காரர் மனசு வெச்சுத் திருப்பிக் குடுத்தாத்தான் உண்டு. அவரை ரெண்டு தடவை கட்ட வெச்சது எங்க பட்டன்.

அதனால இந்த வகைக்கு அந்தப் பட்டனையே எடுக்கச் சொன்னேன். ப்ராடக்ட் மேனேஜர் ஒத்துக்கல. "பட்டன் இல்லாத எரர் ஸ்க்ரீன்னா யூஸர் ஆப்பை மூடிட்டு வேற ஆப்ல கட்டுவார்"னார். அவர் பயமும் பொய்யில்ல, வேற ஆப்ல கட்டினாலும் ரெண்டு தடவை போகும், அதுல எங்க பேர் கெடாதுங்கறதைத் தவிர லாபம் ஒண்ணும் இல்ல. சப்போர்ட் அக்காவையே மீட்டிங்குக்குக் கூட்டிட்டு வந்தேன், அவங்க அந்த 3,680 காலை ஓட விட்டாங்க, அதுக்கப்புறம் பெருசா விவாதம் நடக்கல.

புது மெசேஜ் இது: "₹1,840 சென்று சேர்ந்ததா என்று இன்னும் உறுதியாகவில்லை. இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம், இரண்டு முறை போகக்கூடும். வாங்குபவரின் பேங்க் பதிலுக்காகக் காத்திருக்கிறோம், முடிவு தெரிந்ததும் உங்களுக்குச் சொல்கிறோம்." அதுக்குக் கீழ அந்த 12 இலக்க யூபிஐ ரெஃபரன்ஸ் நம்பர், தொட்டா காப்பி ஆகும். கடையில நிக்கறவருக்கு இன்னொரு வரியும் சேத்தோம், "கடைக்காரரிடம் பணம் வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள்", ஏன்னா அந்த நிமிஷத்துல எங்க சர்வரை விட அவரோட போனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்.

"இப்போதே சரிபார்"னு ஒரு பட்டன் வெக்கலாமேன்னு கேட்டாங்க. வெச்சா பதட்டத்துல இருக்கறவர் அதைத் தட்டிக்கிட்டே இருப்பார், இயல்பு. ஆனா 2025 ஆகஸ்ட்ல இருந்து பெண்டிங் பேமென்ட்டோட நிலையை ஒரு ஆப் மூணு தடவைதான் கேக்கலாம், நடுவுல 90 செகண்ட் இடைவெளி விடணும்னு கட்டுப்பாடு இருக்கு. தட்டினாலும் ஒண்ணும் நடக்காத பட்டனைக் குடுத்து ஒருத்தரை ஏமாத்தறதுக்கு, "அடுத்து 90 நொடியில் பார்ப்போம்"னு சொல்லிட்டு நாமளே பாத்து நோட்டிஃபிகேஷன் அனுப்பறது மேல்.

மூணு தடவை கேட்டும் பதில் வரலேன்னா? அங்கதான் பொதுவா மெசேஜ்கள் "சில நாட்களில்"னு இழுக்க ஆரம்பிக்கும். இழுக்கத் தேவையே இல்ல, ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர்ல போட்ட சுற்றறிக்கைல கெடு தெளிவா இருக்கு. ஆளுக்கு ஆள் அனுப்பின பணம் டெபிட் ஆகி அந்தப் பக்கம் கிரெடிட் ஆகலேன்னா, அதிகபட்சம் அடுத்த நாளுக்குள்ள திரும்பி வரணும். கடைக்குக் கட்டி கடைக்கு உறுதி வரலேன்னா 5 நாளுக்குள்ள. அதையும் தாண்டினா நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு. "சில நாட்களில்"ங்கற இடத்துல நாங்க தேதியையே போட்டோம், "பணம் கடைக்குச் சேரவில்லை என்றால் 14-ஆம் தேதிக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்பும், வராவிட்டால் இங்கே புகார் செய்யலாம்". தேதியை சர்வர் கணக்கு போட்டு அனுப்பும். "என்னிக்கு வரும்"னு கேட்டு அக்காவுக்கு வர்ற கால்களுக்கு இதை விட நல்ல பதில் என்கிட்ட இல்ல.

சொல்லக் கூடாத காரணங்கள்

எல்லாத்தையும் வெட்ட வெளிச்சமா சொல்லணும்னு ஒரு வேகத்துல போய்க்கிட்டு இருந்தப்போ செக்யூரிட்டி டீம் பிரேக் போட்டாங்க. U16ன்னு ஒரு கோட், ரிஸ்க் அளவு தாண்டிடுச்சுன்னு. மோசடின்னு சந்தேகம் வந்து நிறுத்தின பேமென்ட்டா இருக்கலாம். "ஒரே நாளில் புது ஆட்களுக்கு அதிகம் அனுப்புகிறீர்கள்"னு காரணத்தைப் பிட்டு வெச்சா, மோசடி பண்றவனுக்கு எதைக் குறைச்சுக்கிட்டா தப்பிக்கலாம்னு நாமளே பாடம் எடுத்த மாதிரி. லாகின்லயும் அதேதான், "இந்த நம்பரில் கணக்கு இல்லை"ன்னு ஆப் சொல்லுச்சுன்னா நம்பர் நம்பரா போட்டு யார்கிட்ட கணக்கு இருக்குன்னு லிஸ்ட் எடுத்துடலாம். இந்த மாதிரி இடத்துல காரணத்தை விட்டுட்டு மத்த ரெண்டையும் வெச்சுக்கிட்டோம், பணம் நகரலன்னு சொல்றோம், அடுத்து என்னன்னு சொல்றோம்: "₹1,840 உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. பாதுகாப்புக்காக இந்தப் பேமென்ட் நிறுத்தப்பட்டது. நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்றால் எங்களோடு பேசுங்கள்." நேர்மையா அனுப்பறவருக்கு இது எரிச்சலாத்தான் இருக்கும், எனக்கும் முழு திருப்தி இல்ல.

எழுதினது கண்ணுல படணுமே

நல்லா எழுதின வரி டோஸ்ட்ல வந்து போச்சுன்னா எல்லாம் வீண். ஆண்ட்ராய்டுல கீழ சின்னதா எட்டிப் பாத்துட்டு மறையுமே, அதான் டோஸ்ட், நீளமான டோஸ்ட்டே மூணரை செகண்ட்தான் நிக்கும், ஆண்ட்ராய்டு 12ல இருந்து ரெண்டு வரிக்கு மேல காட்டாது. தமிழ்ல எழுதினா ரெண்டு வரிங்கறது வாக்கியத்தோட பாதி. எங்க ஆப்ல பழைய எரர்ல சிலது இப்படித்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு, பணம் சம்பந்தப்பட்ட எதுவும் இனி டோஸ்ட்ல வராது, யூஸர் மூடற வரைக்கும் நிக்கற ஸ்க்ரீன்தான், ஹிஸ்டரில போய்ப் பாத்தாலும் அதே வாக்கியம் இருக்கணும்னு விதி வெச்சோம். ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருந்தா ஜனங்க எதை நம்புவாங்க.

இன்னொரு குடைச்சல் பேர். பேர் வர்ற இடத்தை வேரியபிளா விட்டு "%1$s-க்கு அனுப்ப முடியவில்லை"ன்னு வரி எழுதினா, அந்த இடத்துல கடைப் பேர் இங்கிலீஷ் கேப்பிட்டல் எழுத்துல, பின்னாடி பிரைவேட் லிமிடெட் வரைக்கும் வந்து உக்காரும், அதோட வால்ல ஒரு "-க்கு" தனியா அடுத்த வரில தொங்கும். வேற்றுமை உருபை வேரியபிள் மேல ஒட்டவே கூடாதுன்னு முடிவு பண்ணி, பேரைத் தனி வரில, "பெறுபவர்"ங்கற தலைப்புக்குக் கீழ வெச்சோம், வாக்கியம் பேரைத் தொடாது. பார்வை இல்லாதவங்களுக்கு ஸ்க்ரீனைப் படிச்சுக் காட்டற டாக்பேக்கைப் போட்டு கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பாத்தப்பவும் இதுதான் புரியற மாதிரி இருந்துச்சு.

ரிலீஸ் ஆனதுக்கப்புறம் சரியா வேலை செய்யுதான்னு பாக்க நான் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்கறேன், U67, U68 வந்ததுக்கப்புறம் அதே ஆளுக்கு, அதே தொகை, பத்து நிமிஷத்துக்குள்ள திரும்பப் போகுதா. அது லாக்லயே தெரியும், சர்வே எடுத்து யாரையும் கேக்க வேண்டாம். குறைஞ்சிருக்கு, நிக்கல. சில பேர் மெசேஜைப் படிக்காமலே பின்னாடி போய் மொதல்ல இருந்து ஸ்கேன் பண்றாங்க, அவங்களுக்காக ஸ்கேன் பண்ணினதுக்கப்புறமும் "இதே தொகை ஏற்கெனவே பெண்டிங்கில் இருக்கிறது"ன்னு ஒரு தடுப்பு வெச்சிருக்கோம், வேணும்னா தாண்டிப் போகலாம்.

இன்னும் முடியாத சண்டை ஒண்ணு பாக்கி இருக்கு. அனுப்பறவரோட பேங்க்தான் படுத்திருக்குன்னு எங்களுக்குத் தெரியறப்போ அந்த பேங்க் பேரை ஸ்க்ரீன்ல போடலாமா. போட்டா யூஸர் சட்டுனு வேற அக்கவுண்டுக்கு மாறிடுவார். லீகல் டீம், ஒரு பேங்க்கைப் பேர் சொல்லிக் குறை சொல்ற மாதிரி ஆகிடும்னு மாட்டேங்கறாங்க. இப்போதைக்கு "நீங்கள் தேர்ந்தெடுத்த கணக்கின் பேங்க் பதிலளிக்கவில்லை"ன்னு போகுது, பக்கத்துல அந்த பேங்க்கோட லோகோ சின்னதா இருக்கு. லோகோ எல்லா ஸ்க்ரீன்லயும் வழக்கமா இருக்கறதுதானேன்னு நான் சொல்லிட்டேன், அவங்களும் அதைப் பத்தி அதுக்கு மேல கேக்கல.